மொனரவில என்று கையெழுத்திட்டது யார்?

1815 கண்டி ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் ஒவ்வொரு மார்ச் மாதமும் போனுக்கு போன் சுற்றும். கூடவே இரண்டு கதையும் வரும். ஒரு கதை தமிழ்ப் பக்கங்களில்: "பாருங்க, கண்டிப் பிரதானிகள் தமிழில்தான் கையெழுத்து போட்டிருக்காங்க, அப்போ அவங்க தமிழர்தான்." மற்றக் கதை சிங்களப் பக்கங்களில்: "எங்க வீரர்கள் நாட்டை எழுதிக் கொடுத்திருக்க மாட்டாங்க, அந்தக் கையெழுத்தெல்லாம் வெள்ளைக்காரன் போட்டது." இரண்டு பேரும் ஒரே படத்தைத்தான் காட்டுறாங்க. இரண்டு பேரும் அதைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எங்களுடைய முறைப்பாடு.

உடப்புசல்லாவையில் இருக்கிற எங்களுக்கு இது தூரத்துச் செய்தியும் இல்லை. அந்த ஒப்பந்தத்தில் பெயர் உள்ள பதினொரு பிரதானிகளில் ஒருவர் துல்லேவ, வலப்பனையின் திசாவ. வலப்பனை எங்களுக்குப் பக்கத்துப் பெயர், பஸ் போர்டில் தினமும் பார்க்கிற பெயர். இன்னொருவர் ஊவாவின் திசாவ. உடப்புசல்லாவையிலிருந்து இறங்கினால் வெலிமடைப் பக்கம் ஊவாதான். ஒரு சரித்திர மனிதர் தன் கையால்தான் ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டார் என்று எப்படி உறுதி செய்வது? இந்த ஊவா திசாவவின் கையெழுத்தை வைத்தே அதைப் பார்ப்போம்.

முதலில், நாம பார்க்கிறது எது? அந்தக் காலத்தில் ஒரு பத்திரம் ஒரே ஒரு தாளாக இருக்காது. கையொப்பமிட்ட மூலம் ஒன்று இருக்கும். கொழும்பில் வைக்க ஒரு பிரதி, லண்டனுக்கு அனுப்ப ஒரு பிரதி என்று குமாஸ்தாக்கள் எழுதுவார்கள். இலங்கை ஆளுநர்கள் லண்டனுக்கு அனுப்பிய கடிதக் கட்டுகள் இன்றும் அங்கே சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. பிரதி எழுதுகிற குமாஸ்தா உடன்படிக்கையின் வாசகத்தை எழுதி முடித்து, கீழே உள்ள பெயர்களையும் தன் கையாலேயே எழுதிவிடுவார். அது பொய்க் கையெழுத்து அல்ல. இன்னார் கையெழுத்திட்டார் என்ற குறிப்பு, அவ்வளவுதான். ஆனால் இருநூறு வருஷம் கழித்து அந்தப் பிரதியின் படம் நம் கைக்கு வரும்போது, "ஐயோ, எல்லாம் ஒரே கையெழுத்தா இருக்கே!" என்று கத்தத் தோன்றும். கள்ளக் கையெழுத்து என்ற குற்றச்சாட்டுகளில் ஒரு பங்கு இப்படித்தான் பிறக்கிறது. அதனால் முதல் வேலை படத்தை அல்ல, தாளைத் தேடுவது. மூலத்தாள் கையில் இருந்தால் இன்னொரு சோதனையும் செய்யலாம். 1794க்குப் பிறகு வரிச்சலுகைக்காக இங்கிலாந்துக் காகித ஆலைகள் நீர்க்குறியில் வருஷத்தையும் சேர்க்கத் தொடங்கின. தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தெரியும். 1815 என்று தேதி போட்ட பத்திரத்தில் 1818 என்று நீர்க்குறி இருந்தால், கையெழுத்தைப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை. 1813 என்று இருந்தால் அது உண்மை என்று அர்த்தமில்லை, பொய் என்று சொல்ல முடியாது என்று மட்டும் அர்த்தம். பழைய வெற்றுத்தாள் எந்தக் கந்தோர் அலுமாரியிலும் கிடக்கும்.

இரண்டாவது சிக்கல் தேதி. பத்திரத்தில் இருப்பது 1815 மார்ச் 2. அன்றைக்கு கண்டி மகுல் மடுவவில் ஆளுநர் றொபர்ட் பிரவுன்ரிக் முன்னிலையில் அது வாசிக்கப்பட்டது. ஆனால் பிரதானிகளின் கையொப்பங்கள் அதே மார்ச்சில் சில நாட்கள் கழித்துத்தான் வாங்கப்பட்டன. மார்ச் 2 அன்று ஒருவர் கண்டியில் இல்லை என்று யாராவது நிரூபித்தாலும், அதனால் அவர் கையெழுத்து போடவில்லை என்று ஆகிவிடாது. பத்திரத்தின் தேதியும் பேனா தாளில் பட்ட தேதியும் வேறு வேறு விஷயம்.

இனிப் பெயருக்கு வருவோம். இங்கேதான் விஷயம் உண்மையிலேயே ருசிக்கிறது.

ஊவா திசாவவாகக் கையெழுத்திட்டவரின் பெயர் ஒப்பந்தத்தில் மொனரவில என்று இருக்கிறது. கெப்பெட்டிபொல என்று தேடினால் கிடைக்காது. ஆனால் இருவரும் ஒருவரே: மொனரவில கெப்பெட்டிபொல. 1817இல் ஊவா வெல்லஸ்ஸ கிளர்ச்சி வெடித்தபோது அதை அடக்க வெள்ளைக்காரர்கள் அனுப்பிய திசாவ, கிளர்ச்சிக்காரரோடு சேர்ந்துகொண்டவர், 1818 நவம்பரில் கண்டியில் தலை வெட்டப்பட்டவர். இன்று தேசிய வீரர். வீரரின் பெயர் ஒப்பந்தத்தில் இல்லையே என்று சந்தோஷப்படுகிறவர்கள் மொனரவில என்ற வரியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அதே பக்கத்தில் பிலிமத்தலாவ என்று இரண்டு பேர், மொல்லிகொட என்று இரண்டு பேர். மூத்தவர், இளையவர் என்று சொல்லித்தான் பிரிக்க வேண்டும். இவை நம்ம ஊர்ப் பெயர் மாதிரி ஆளுக்குரிய பெயர் அல்ல, வீட்டுக்கும் குடும்பத்துக்கும் உரிய பெயர். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை அரியணையில் ஏற்றிய அந்தப் பிரபலமான பிலிமத்தலாவ 1815 வருவதற்கு முன்பே அதே அரசனின் கட்டளையால் கொல்லப்பட்டுவிட்டார். அவருடைய பழைய கடிதம் ஒன்றை எடுத்து, ஒப்பந்தத்தில் உள்ள பிலிமத்தலாவ கையொப்பத்தோடு ஒப்பிட்டு, "பொருந்தவில்லை, இது கள்ளக் கையெழுத்து" என்று ஒருவர் சொன்னால், அவர் சொன்னதில் முதல் பாதி சரிதான். பொருந்தாதுதான். ஆளே வேறு. கையெழுத்தை ஒப்பிடும் முன் ஆளை ஒப்பிட வேண்டும் என்று நாங்க வலியுறுத்துவது இதனால்தான்.

அடுத்தது எழுத்து. கையொப்பங்களில் சில சிங்களத்தில், சில தமிழில், சில இரண்டும் கலந்து இருக்கின்றன. எத்தனை பேர் தமிழில் போட்டார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு எண் சொல்வார்கள். யாரும் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. பெயரின் பாதி ஒரு எழுத்திலும் மீதி இன்னொரு எழுத்திலும் இருந்தால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? இதில் கிரந்தமும் குறுக்கே வருகிறது. ஹ, ஸ, ஜ போன்ற ஒலிகளுக்கு நாம கிரந்த எழுத்துத்தான் பாவிக்கிறோம். சிங்கள எழுத்தின் வளைவுகளுக்கும் கிரந்தத்துக்கும் பழைய உறவு உண்டு. வேகமாக, அலங்காரமாக, ஒன்றோடொன்று பின்னிப் போட்ட கையொப்பத்தில் ஒரு வளைவு எந்த மொழிக்கு உரியது என்று அடித்துச் சொல்வது கஷ்டம். 1739இலிருந்து கண்டி அரண்மனையில் இருந்தது மதுரைப் பக்கத்து நாயக்கர் உறவு. தமிழ் அங்கே புழங்கிய மொழி. பிரதானி ஒருவர் தமிழில் கையொப்பமிட்டது அவர் எந்த அரண்மனையில் வளர்ந்தார் என்று காட்டும். அவர் எந்த இனம் என்று காட்டாது. இன்றைக்கு எங்க தோட்டத்து நண்பர்கள் பாதிப்பேர் இங்கிலீஷில்தான் கையெழுத்து போடுறாங்க, அதுக்காக அவங்களை யாரும் லண்டன்காரன் என்று சொல்றதில்லையே.

சரி, மூலத்தாள் கிடைத்தது, ஆளும் தெளிவு என்று வைத்துக்கொள்வோம். இனி உண்மையான ஒப்பீடு.

மொனரவிலவின் ஒரு கையொப்பத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. சந்தேகமில்லாமல் அவருடையவை என்று தெரிந்த மாதிரிகள் வேண்டும். ஒன்றல்ல, பத்து இருந்தால் நல்லது. ஒரு மனிதன் தன் பெயரை இரண்டு முறை ஒரே மாதிரி எழுதுவதில்லை. நீங்களே ஒரு தாளில் பத்து முறை போட்டுப் பாருங்க. சாய்வு கொஞ்சம் மாறும், கடைசி இழுப்பு ஒரு தரம் நீளும், ஒரு தரம் குறையும். ஆனால் எந்த இடத்தில் மாறுகிறது, எந்த இடத்தில் மாறவே மாறாது என்பதுதான் உங்களுடைய முத்திரை. மாதிரிகள் இந்த மாற்றத்தின் எல்லையைச் சொல்லும். சந்தேகக் கையொப்பம் அந்த எல்லைக்குள் விழுகிறதா என்பதே கேள்வி. இரண்டு கையொப்பங்கள் மேலே மேலே வைத்தால் அச்சாகப் பொருந்துகின்றன என்றால் பலர் "உறுதி" என்று நினைப்பார்கள். ஆவணப் பரிசோதகருக்கு அப்போதுதான் சந்தேகம் வரும். அப்படிப் பொருந்துவது ஒன்றை வைத்து இன்னொன்றை நகல் இழுத்தால்தான்.

பிறகு கோட்டைப் பார்ப்பார்கள், எழுத்தின் வடிவத்தை அல்ல. தன் பெயரை எழுதுகிறவன் யோசிப்பதில்லை. பேனா தாளைத் தொடும் முன்பே கை நகரத் தொடங்கியிருக்கும், எடுத்த பிறகும் நகரும். அதனால் கோட்டின் தொடக்கமும் முடிவும் மெல்லியதாகக் கூர்ந்து போகும். பார்த்து வரைகிறவன் மெதுவாகப் போவான். அவனுடைய கோட்டில் நடுக்கம் இருக்கும், வளைவின் நடுவில் தேவையில்லாமல் பேனாவை எடுத்த தடம் இருக்கும், தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும், சில இடத்தில் திரும்பவும் மை பூசித் திருத்தியிருப்பான். லென்ஸும் பக்கத்திலிருந்து சாய்வாக விழும் வெளிச்சமும் இருந்தால் இதெல்லாம் தெரியும். வாட்ஸ்அப்பில் நாலு முறை சுருங்கி வந்த படத்தில் தெரியவே தெரியாது. ஆனால் நடுக்கம் கண்டதும் தீர்ப்புச் சொல்லவும் கூடாது. வயது, காய்ச்சல், பழக்கமில்லாத பேனா எல்லாமே கையை நடுங்க வைக்கும்.

அந்தப் பழக்கமில்லாத பேனாதான் கண்டிப் பிரதானிகள் விஷயத்தில் பெரிய தொல்லை. இவர்கள் ஓலையில் எழுத்தாணியால் எழுதிப் பழகியவர்கள். ஓலையில் எழுத்தைக் கீறுவார்கள், பிறகு கரி பூசித் துடைத்தால்தான் தெரியும். இடது கைப் பெருவிரல் எழுத்தாணியைத் தாங்கித் தள்ளிக்கொண்டே போகும். ஒப்பந்தத்திலோ வெள்ளைக்காரனின் தாள், இறகுப் பேனா, மை. ஓலையில் கோட்டின் தடிமன் மாறுவதில்லை. இறகுப் பேனாவில் அழுத்தினால் தடிக்கும். ஆகவே மொனரவிலவின் ஓலை ஒன்று நாளைக்கே கிடைத்தாலும், எழுத்தின் வடிவத்தைத்தான் ஒப்பிடலாம், அழுத்தத்தையும் வேகத்தையும் ஒப்பிட முடியாது. அதோடு ஓலைகளை எழுதியது பெரும்பாலும் எழுத்தர்கள். திசாவ சொல்ல, எழுத்தர் கீறுவார். திசாவ அனுப்பிய கடிதம் என்பதும் திசாவ எழுதிய கடிதம் என்பதும் ஒன்றல்ல.

ஆக, மாதிரிக்கு எங்கே போவது? மொனரவில 1815 முதல் 1817 வரை வெள்ளைக்காரரின் கீழும் ஊவா திசாவவாகவே இருந்தார். அந்தக் காலத்தில் கண்டியில் இருந்த பிரித்தானிய வதிவிடப் பிரதிநிதி ஜோன் டொய்லி சிங்களம் நன்றாகத் தெரிந்தவர், வந்த போன ஓலைகளையும் ஆட்களையும் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர். அவரிடம் தாளில் போன ரசீது, மனு, அறிக்கை எதிலாவது மொனரவிலவின் கையொப்பம் இருந்தால் அதுதான் சரியான மாதிரி: அதே பேனா வகை, அதே வருஷங்கள், சாதாரண வேலைக்காகப் போட்ட கையெழுத்து. 1818 நவம்பருக்குப் பிறகு எதுவும் இருக்க முடியாது. எஹெலபொலவுக்கு இந்தப் பிரச்சினை குறைவு. அவர் 1825இல் மொரீசியசுக்கு நாடுகடத்தப்பட்டு 1829இல்தான் இறந்தார், தேட வேண்டிய வருஷங்கள் கூட. ஆனால் 1829இன் கையெழுத்தை 1815க்கு மாதிரியாக எடுக்கும்போது இடையில் போன பதினாலு வருஷத்தையும் சிறைவாசத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

"கையெழுத்து வேண்டாம், முத்திரை இருந்தால் போதாதா?" என்று கேட்பீங்க. கண்டி அரசன் கொடுத்த சன்னஸ் என்ற காணிப் பட்டயங்களின் தலைப்பில் அரசனின் அடையாளமாக இருப்பது 'ஸ்ரீ' என்ற ஒற்றை எழுத்து. அது எந்த அரசனின் பெயரும் அல்ல, அரச பதவியின் குறி. அரசன் தன் கையால் அதைச் செப்பேட்டில் வெட்டவும் இல்லை, கம்மாளர் வெட்டினார். அது அரசாணை என்பதற்கு அடையாளம், அரசனின் கைக்கு அடையாளமல்ல. இந்த ஒற்றை எழுத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏறியது என்று பாருங்க: 1840இன் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், கண்டி மாகாணங்களில் சேனை நிலம் தன்னுடையது என்று சொல்கிறவர் சன்னஸோ வேறு அரச நன்கொடைப் பத்திரமோ வழக்கமான வரியோ சேவையோ செலுத்தியதற்கு ஆதாரமோ காட்ட வேண்டும், இல்லையென்றால் அது முடிக்குரியது என்றது. கோப்பியும் பிறகு தேயிலையும் ஏறிய மலைகளின் கதையில் அந்தச் சட்டத்துக்குப் பெரிய பங்கு உண்டு. எங்க லயங்கள் நிற்கிற சரிவுகள் கைமாறிய காலத்தில், 'ஸ்ரீ' உள்ள செப்பேடு இருக்கா இல்லையா என்பது கிராமத்துக்காரனுக்கு வாழ்வா சாவா கேள்வி. அப்படி ஒரு தேவை வந்தால் புதுசாகச் செப்பேடு செய்யவும் ஆள் வரும்.

முத்திரையை நம்பி ஒரு உயிரே போன கதை கல்கத்தாவில் நடந்தது. 1775இல் மகாராஜா நந்தகுமார் ஒரு கடன் பத்திரத்தைப் பொய்யாகச் செய்தார் என்று வழக்கு. பத்திரத்தில் சாட்சியாக முகம்மது கமால் என்ற பெயரில் ஒரு முத்திரை. கமாலுதீன் என்பவர் வந்து, அது தன் முத்திரை, பல வருஷத்துக்கு முன் அதை நந்தகுமாரிடம் அனுப்பியிருந்தேன், திரும்பி வரவில்லை என்றார். எதிர்த்தரப்பு, அந்த முகம்மது கமால் வேறு ஆள், அவர் செத்துவிட்டார் என்றது. முத்திரைத் தடம் இரண்டையும் வைத்துப் பார்த்தார்கள். ஆனால் கவனிங்க, இரண்டு தடமும் ஒரே அச்சிலிருந்து வந்தவை என்று நிரூபித்தாலும், அந்த அச்சை அன்றைக்கு யார் கை பிடித்தது என்று முத்திரை சொல்லாது. முத்திரையில் நாம் ஒப்பிடக்கூடியது அச்சின் உடம்பை மட்டும்தான்: விளிம்பில் ஒரு சிதைவு, எழுத்தின் நடுவில் ஒரு கீறல். பாவிக்கப் பாவிக்க இவை கூடும், குறையாது. ஆகவே 1812இல் உடைந்த விளிம்போடு இருக்கும் முத்திரை 1815இல் முழுசாக வந்தால் ஏதோ சரியில்லை. மெழுகுத் தடத்திலிருந்து வார்த்து எடுத்த போலி அச்சு என்றால் நுணுக்கக் கோடுகள் மழுங்கியிருக்கும். நந்தகுமார் அந்த ஆகஸ்டில் தூக்கிலிடப்பட்டார். அந்த வழக்கைப் பற்றி இன்றும் சண்டை போடுகிறார்கள்.

இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. எங்க ஊரில் 'கைநாட்டு' என்றால் கேலி. எழுதத் தெரியாத ஆள் என்று அர்த்தம். ஆனால் பிரஜாவுரிமை மனுக்களில் மை தொட்டுப் பெருவிரல் வைத்த ஒரு பாட்டியின் தடம் தெளிவாக விழுந்திருந்தால், அவர்தான் வைத்தார் என்று நிரூபிப்பது ஒரு திசாவவின் அலங்காரக் கையொப்பத்தை நிரூபிப்பதைவிட எவ்வளவோ சுலபம். பெருவிரலை இன்னொருத்தர் பார்த்து வரைய முடியாது. வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் ஒரு ஒப்பந்தத்தில் கைத்தடம் வாங்கியதே 1858இல். 1815இல் அந்த வசதி இல்லாமல் போனது சரித்திரத்தின் நஷ்டம்.

கையொப்பம் அவர் கையால்தான் என்று தெரிந்தாலும் அவர் மனசார ஒப்பினாரா என்பது அடுத்த கேள்வி, அது கோட்டில் இல்லை. தலைகீழான உதாரணம் 1757இல் இருக்கிறது. பிளாசிச் சண்டைக்கு முன் ராபர்ட் கிளைவ் அமீர்சந்த் என்ற வணிகரை ஏமாற்ற இரண்டு உடன்படிக்கை தயாரித்தார். போலியான உடன்படிக்கையில் கையெழுத்து போட அட்மிரல் வாட்சன் மறுத்தார். லஷிங்டன் என்பவரைக் கொண்டு வாட்சனின் பெயரைப் போடவைத்தார்கள். பிறகு பாராளுமன்ற விசாரணையில் கிளைவ் இதை மறைக்கவும் இல்லை, வாட்சனுக்கு ஆட்சேபமிருக்கவில்லை என்ற தோரணையில் பேசினார். வாட்சன் அதற்குள் இறந்துபோயிருந்தார். காலனி அதிகாரிகள் கையெழுத்தைப் பொய்யாகப் போடுவார்களா என்று கேட்டால், போட்டிருக்கிறார்கள், போட்டதை ஒப்புக்கொண்டும் இருக்கிறார்கள். அதனால் கண்டியிலும் போட்டார்கள் என்று சொல்ல அது போதாது. சந்தேகப்பட உரிமை தரும், அவ்வளவுதான்.

மொனரவில விஷயத்தில் எங்க கணிப்பு இது. கோட்டுக்கு வெளியே உள்ள சாட்சியம் அவர் கையொப்பமிட்டார் என்ற பக்கமே சாய்கிறது. ஒப்பந்தத்துக்குப் பிறகும் பதவியில் இருந்தார், வெள்ளைக்காரர் அவரை நம்பியதால்தான் கிளர்ச்சியை அடக்க அனுப்பினார்கள். கையெழுத்தே போடாத ஒருவரின் நடத்தை இப்படி இருந்திருக்காது. பல எழுத்தில், பல அலங்காரத்தில் இத்தனை கையொப்பங்களைப் போலியாகப் போடுவதற்கும் ஒரு குமாஸ்தா போதாது, அந்த எழுத்துகளில் கை ஓடும் ஆட்கள் வேண்டும். அப்படியான முதலியார்மாரும் மொழிபெயர்ப்பாளரும் பிரித்தானியரிடம் இருந்தார்கள்தான், ஆகவே முடியாத காரியமென்று சொல்லவில்லை. ஆனால் அப்படிச் சொல்கிறவர் மாதிரிகளோடு வரட்டும். 1818இல் துரோகிகள் என்று அறிவிக்கப்பட்ட பத்தொன்பது பேரை 2016இல் ஜனாதிபதி வீரர்களாக அறிவித்தார், கெப்பெட்டிபொலவும் அதில் ஒருவர். அந்த அறிவிப்பு 1818இன் அறிவித்தலைத்தான் மாற்றியது, 1815இன் கையொப்பத்தை அல்ல. ஒரே மனிதன் 1815இல் கையெழுத்திட்டு 1817இல் எதிர்த்து நிற்க முடியும். இரண்டையும் ஒன்றாக ஏற்கக் கஷ்டப்படுகிறவர்கள்தான் முதலாவதை அழிக்கப் பார்க்கிறார்கள்.

துல்லேவவின் வரியை யாரும் இப்படிச் சண்டை போட்டுப் பார்த்ததை நாங்க காணவில்லை. அவர் வீரர் பட்டியலின் முகமாக ஆகவில்லை, அதனால் அவர் கையெழுத்தில் யாருக்கும் அக்கறை இல்லை. வலப்பனைத் திசாவனியைப் பற்றி அவர் கீழ் போன பத்திரங்கள், ரசீதுகள் எங்காவது தாளில் இருந்தால், ஆசை இல்லாமல் கோபம் இல்லாமல் ஒப்பிட்டுப் பழக அதுதான் நல்ல இடம். அடுத்த மாதம் கொழும்புக்குப் போகிற நம்ம ஆட்கள் சுவடிக்கூடத்தில் பதிந்து, அந்தப் பெயரிலிருந்து தொடங்கப் போகிறார்கள்.